மாமியாரின் சொல்லும் மாப்பிள்ளையின் காதும்

அன்புள்ள மகள் தேன்மொழிக்கு,

அம்மா எழுதுவது. குழந்தையின் எடையைப் பற்றி உன் அத்தை விருந்தாளிகள் முன்னால் பேசியதையும், அன்றிரவு அதன் தொடர்ச்சியாக உனக்கும் மாப்பிள்ளைக்கும் நடந்த சண்டையையும் நீ சொன்னதிலிருந்து, என் மனம் அந்த இரண்டாவது செய்தியைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. தொலைபேசியில் பேசினால் நீ அழுவாய், நானும் அழுதுவிடுவேன் என்பதால் எழுத உட்கார்ந்தேன்.

குடும்பநல நீதிமன்றத்தில் ஆலோசகராக நான் இருந்த காலத்தில், மாமியாரின் குத்தல் பேச்சைக் காரணமாகச் சொல்லிப் பல பெண்கள் என் எதிரே அமர்ந்திருக்கிறார்கள். பொறுமையாகக் கேட்டால், அவர்களுள் பலருக்கு மாமியார் சொன்ன சொல்லைவிட, அதைக் கணவனிடம் சொன்னபோது அவன் நடந்துகொண்ட விதமே ஆறாத புண்ணாக இருக்கும். அந்தக் கணவன்மாரைத் தனியே அழைத்துக் கேட்டால், "வீட்டுக்குள் கால் வைத்தவுடன் பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும் மேடம்" என்பார்கள். மாமியாரின் வாயை அடக்குவது நம் கையில் இல்லை. அவர் சொல்லும் சொல் உன்னிடமிருந்து மாப்பிள்ளையின் காதுக்கு எப்போது, எந்த வடிவத்தில் போய்ச் சேருகிறது என்பது பெரும்பாலும் உன் கையில் இருக்கிறது.

அன்று நடந்ததையே எடுத்துக்கொள்வோம். "பிள்ளை இப்படி இளைச்சுக் கிடக்கு, இவளுக்கு லேப்டாப்பைப் பார்க்கவே நேரம் சரியா இருக்கு" என்று அத்தை சொன்னார். இந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு குறைகள் இருக்கின்றன. குழந்தை இளைத்திருக்கிறாள் என்பது சரிபார்க்கக்கூடிய செய்தி. நீ பொறுப்பில்லாத தாய் என்பது உன்மேல் வைக்கும் பழி. நீ இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, இரண்டுக்கும் சேர்த்து மௌனமாக இருந்துவிட்டு, இரவில் இரண்டையும் சேர்த்து மாப்பிள்ளையிடம் கொட்டினாய்.

சரிபார்க்கக்கூடியதற்குப் பதில் உன் அலமாரியிலேயே இருக்கிறது. தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சி வரைபடத்தில், ஒரு வயதுப் பெண் குழந்தைக்கு ஏறத்தாழ 7 கிலோவிலிருந்து 11 கிலோவுக்குச் சற்று மேல் வரை இயல்பான எடைதான். நம் குட்டி 8 கிலோ 200 கிராம் இருப்பதாகச் சொன்னாய். பச்சைப் பட்டைக்குள்தான் இருக்கிறாள். மாதாமாதம் வைத்த புள்ளிகளும் மேல்நோக்கியே ஏறிக்கொண்டிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது அத்தையையும் அழைத்துக்கொண்டு போ. எடை பார்க்கும் செவிலியர் சொல்வதை அவரே நேரில் கேட்கட்டும். நீ வீட்டில் அட்டையை நீட்டி விளக்கினால் அது உன் வாதமாகப் போய்விடும். செவிலியர் சொன்னால் அதில் தோற்றவர் என்று யாரும் இல்லை. அதன்பிறகும் அத்தை அதையே சொல்லலாம். அப்போது "சரிங்க அத்தை, அடுத்த மாதமும் எடை போட்டுப் பார்ப்போம்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். விளக்கம் நீளநீள, விசாரணையில் நிற்பவளாக நீயே உன்னை ஆக்கிக்கொள்கிறாய்.

குழம்பில் புளி தூக்கல், துணியை வெயில் தாழ்ந்தபின் காயப்போடுகிறாய் என்பன போன்றவற்றை மாப்பிள்ளையிடம் கொண்டுபோகவே வேண்டாம். நாற்பது ஆண்டுகளாக ஒரு சமையலறையை ஆண்டவர், அதில் இன்னொரு கை புழங்குவதைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருப்பது கடினம். அதை நியாயம் என்று சொல்ல வரவில்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

உன்மேல் வைக்கும் பழி வேறு. அதுவும் பிறர் முன்னால் சொன்னால், அதை மாப்பிள்ளையிடம் கட்டாயம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர் வேலை முடிந்து வந்து கைகழுவிக்கொண்டிருக்கும்போது, "உங்க அம்மா எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்கினாயே, அந்தத் தொடக்கத்திலேயே பேச்சு கெட்டுவிட்டது. "எப்பவுமே" என்ற சொல்லைக் கேட்ட மகன், அப்படி இல்லாத ஒரு நாளைத் தேடத் தொடங்கிவிடுவான். அன்றைய நாள் அவன் காதில் ஏறாது. அடுத்து, "நான் சொல்றது சரியா, உங்க அம்மா சொன்னது சரியா?" என்று கேட்டாய். பெற்றவள் ஒருபுறம், கட்டியவள் ஒருபுறமாக அவரை நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்தால், எந்த மனிதனும் ஒன்று பெற்றவளுக்காகப் பேசுவான், அல்லது எழுந்து போய்விடுவான். மாப்பிள்ளை எழுந்து மாடிக்குப் போனார். நீ பின்னாலேயே போய் மேலும் பேசினாய். அவர் மேலும் வாயை மூடிக்கொண்டார்.

குழந்தை உறங்கியபின், அவரும் சாப்பிட்டு ஓய்ந்திருக்கும் ஒரு நேரத்தில், ஒரே ஒரு நிகழ்ச்சியை மட்டும் எடு. அத்தை சொன்ன சொற்களைக் கூட்டாமல் குறைக்காமல் சொல். உனக்கு எது வலித்தது என்று சொல். பிறகு அவர் செய்யக்கூடிய ஒரு காரியத்தைக் கேள். "அன்னைக்கு உங்க சித்தி முன்னால இப்படிச் சொன்னாங்க. எனக்கு அவமானமா இருந்துச்சு. இனிமே ஆட்கள் இருக்கும்போது இந்தப் பேச்சு வந்தா, நீங்க அந்த இடத்திலேயே ஒரு வார்த்தை சொல்லணும்" என்றால் போதும். அம்மா தவறு செய்தார் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என எதிர்பார்க்காதே. நீ கேட்பது அதுவல்ல.

இன்னொன்றும் அவரிடம் சொல்லிவை. அவர் தம் தாயிடம் பேசும்போது, "அவ வருத்தப்படுறா அம்மா" என்று தொடங்கினால், நீ மூட்டிவிட்டதாகவே அத்தைக்குப் படும். அடுத்த நாள் காபி டம்ளர் சத்தத்திலேயே அது உனக்குத் தெரிந்துவிடும். "பாப்பாவை நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்துக்கறோம், யாராவது கேட்டா அப்படியே சொல்லுங்கம்மா" என்று தம் பேச்சாக அவர் சொல்ல வேண்டும். மகன் வாயிலிருந்து வரும்போது அது வீட்டு முடிவு, உன் வாயிலிருந்து வந்தால் எதிர்ப்பேச்சு. இது அநியாயம்தான், இருந்தாலும் நடைமுறை அப்படித்தான் இருக்கிறது. ஒருமுறை சொன்னால் மாறிவிடாது. மாறுகிறதா என்பதை அத்தையின் பேச்சை வைத்து அளக்காதே; அந்தப் பேச்சு வந்த நாளின் இரவில் நீங்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்கிறீர்களா என்று பார்.

இவ்வளவும் பேச்சு பேச்சாக இருக்கும் வரைதான். நகை, பணம் கேட்டுக் குத்துவது, உன் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, என்னோடு பேசவிடாமல் தடுப்பது, கை நீட்டுவது என்று போனால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்லாலும் மனத்தாலும் செய்யும் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. மாமியார்மீதும் அதன்படி முறையிடலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாக்கியது. 181 என்ற பெண்கள் உதவி எண் எந்நேரமும் இருக்கிறது, அதற்கு முன்னால் நான் இருக்கிறேன். நீ சொன்னவற்றில் அப்படி எதுவும் எனக்குத் தென்படவில்லை. மறைத்திருந்தால் உடனே சொல்.

நீ என்னிடம் புலம்புவதை நிறுத்த வேண்டாம். ஆனால் மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டியதை முதலில் அவரிடம் சொல்லிவிட்டு என்னிடம் வா. அவருக்குத் தெரியாத செய்தி எனக்குத் தெரிந்திருப்பது அவருக்கு ஒருநாள் தெரியவந்தால், பேச்சு உன் அத்தையை விட்டு என்மேல் திரும்பும். உன் சார்பாகச் சம்பந்தியம்மாளிடம் நான் ஒருபோதும் பேச மாட்டேன். அடுத்த மாதம் காதணி விழாவுக்கு வரும்போது அவர் என்னிடம் உன்னைப் பற்றிக் குறை சொன்னால், "அப்படியா சம்பந்தி" என்று கேட்டுக்கொள்வேன், உன்னிடம் வந்து சொல்லவும் மாட்டேன். பாப்பாவின் தோட்டுக்கு அளவு எடுத்து அனுப்பு. ஆசாரி கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
அம்மா