அம்மிணியின் மெயிலுக்கு ஒரு முதல் வரி

திருப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்குது? வாய்க்காலில் தண்ணி விட்டாச்சா, நாத்து விட்டுட்டியா? கல்யாணத்துக்கு நீ வரலைன்னு பள்ளிபாளையத்தான் இன்னும் உர்ருன்னுதான் இருக்கான். அதை நீயே பேசித் தீர்த்துக்கோ. டவுன் பஸ் விவகாரத்தில் உங்க ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணினது எனக்கு ஆயுசுக்கும் போதும்.

விஷயத்துக்கு வரேன். அம்மிணி எழுதின விண்ணப்ப மெயிலை நீ அனுப்பி, "நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லு, அனுப்பிடட்டும்"னு கேட்டிருந்தே. சொல்ல மாட்டேன். பிழை ஒண்ணும் இல்லை, இங்கிலீஷ் சுத்தமா இருக்குது. ஆனா அந்த முதல் வரியோட அது போகக்கூடாது. "ஐ ஆம் ரைட்டிங் டு அப்ளை ஃபார்"னு ஆரம்பிச்சு, வேலையோட பேரைச் சொல்லி, விளம்பரம் பார்த்த தேதியைச் சொல்லி, கம்பெனி பேரைச் சொல்லி முடியுது. அவளைப் பத்தி அந்த வரியில் ஒரு எழுத்துகூட இல்லை.

நம்ம ஆபீசுக்கு ஆள் எடுக்கும்போது வர்ற மெயிலை நானும் பார்க்கிறவன். எப்படிப் பார்ப்போம்னு நினைக்கிறே? முக்கால்வாசி நேரம் போனில்தான். வரிசையா பேர் இருக்கும். பேருக்குக் கீழே சப்ஜெக்ட், அதுக்குக் கீழே மெயிலோட ஆரம்பத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு வார்த்தை சாம்பல் நிறத்தில் தெரியும். திறக்கிறதுக்கு முன்னாடி கண்ணில் படுறது அவ்வளவுதான். சப்ஜெக்டில் ஏற்கெனவே "மெர்ச்சண்டைசிங் உதவியாளர் பணிக்கு விண்ணப்பம்"னு இருக்குது. மெர்ச்சண்டைசிங்னா, ஆர்டர் குடுக்கிற பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்னு ஆர்டரைப் பார்த்துக்கிற வேலை. கீழே அந்த சாம்பல் வரியிலும் "மரியாதைக்குரிய ஐயா, மெர்ச்சண்டைசிங் உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்க"ன்னு அதையே திருப்பிச் சொன்னா, இருக்கிற ஒரே இடமும் போச்சு. அன்னிக்கு வந்த மத்த மெயிலிலும் அதே வரிதான் நிக்கும். யாரை முதலில் திறக்கிறதுன்னு சொல்ல அங்கே ஒண்ணும் இருக்காது.

இந்த வரி எங்கிருந்து வந்ததுன்னு யோசிச்சா பிள்ளைங்க மேல கோபம் வரலை. நம்ம காலத்தில் தபாலில் போட்டோம். உறையைப் பிரிச்சு எடுக்கிற குமாஸ்தாவுக்கு இந்தக் காகிதம் எந்த வேலைக்கு, எந்த விளம்பரத்தைப் பார்த்து வந்ததுன்னு தெரிஞ்சாத்தான் எந்தக் கட்டில் சேர்க்கிறதுன்னு புரியும். அதனால "தங்கள் விளம்பரத்தைக் கண்டு"ன்னு ஆரம்பிக்கிறதில் ஒரு அர்த்தம் இருந்தது. இப்ப அந்தச் சோலியை சப்ஜெக்ட் வரி பார்த்துக்குது. வாத்தியாருங்க மட்டும் இன்னும் அதே வரியை மனப்பாடம் பண்ண வைக்கிறாங்க. எனக்கு ஆத்திரம் அங்கேதான்.

சரி, அதுக்குப் பதிலா என்ன எழுதுறது? விளம்பரத்தை ரெண்டு தடவை படிச்சேன். "சாம்பிள் ஃபாலோஅப், துணி பற்றிய அறிவு இருந்தால் நல்லது, புதியவர்களும் விண்ணப்பிக்கலாம்." இதில் அவங்க கஷ்டம் எங்கே இருக்குதுன்னா துணியில். மெயில் அடிக்கத் தெரிஞ்ச பிள்ளைங்க நிறையக் கிடைப்பாங்க. துணியைக் கையில் எடுத்து, இது பையர் ஒத்துக்கிட்ட துணி இல்லைன்னு சொல்லத் தெரிஞ்சவங்க கிடைக்கிறது கஷ்டம்.

அதனால நேத்து சாயங்காலம் அம்மிணிக்கே போன் போட்டேன், உன்கிட்ட சொல்லியிருப்பா. "பயிற்சியில் என்ன கண்ணு பண்ணினே?"ன்னு கேட்டா, "பெருசா ஒண்ணும் இல்லைங்க மாமா, துணியை வட்டமா வெட்டி எடை போடச் சொன்னாங்க"ங்கறா. விடாம கேட்டேன். மெதுவா வெளியே வந்தது. உனக்கு இந்தத் தொழில் தெரியாது, அதனால சொல்றேன். ஜிஎஸ்எம்ங்கறது ஒரு சதுர மீட்டர் துணியோட எடை, கிராமில். ஒரு உருண்டைக் கட்டர் இருக்குது, துணி மேல வெச்சு அழுத்தித் திருப்பினா சரியா 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டி வரும். அதைச் சின்னத் தராசில் போட்டு, வர்ற கிராமை 100-ஆல் பெருக்கினா ஜிஎஸ்எம். இவ வெட்டின வட்டம் 1.68 கிராம் காட்டியிருக்குது. அதாவது 168. ஆர்டரில் கேட்டது 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, டீ-ஷர்ட்டுக்குப் போடற பின்னல் துணி. பொதுவா அஞ்சு சதவீதம் முன்னப்பின்ன விடுவாங்க, அப்படிப் பார்த்தாலும் 171-க்குக் கீழே போகக்கூடாது. இவ ஒரே வட்டத்தை நம்பாம, கரையை விட்டுத் தள்ளி அகலத்தில் வேற வேற இடத்தில் வெட்டிப் பார்த்திருக்கா. எல்லாம் குறைவாவே வந்திருக்குது. சூப்பர்வைசர்கிட்ட காட்டியிருக்கா. அவர் அந்த ரோல்களைக் கட்டிங்குக்கு அனுப்பாம தனியா எடுத்து வெச்சிருக்கார்.

மாப்பிள்ளை, இதைத்தான் அந்தப் பிள்ளை "ஒண்ணும் இல்லை"ங்கறா! வெட்டித் தைச்ச பிறகு இது தெரிஞ்சிருந்தா பையருக்குப் பதில் சொல்றது யாரு? மெர்ச்சண்டைசர்தான். விளம்பரம் கேட்கிற ஆள் இவதான், ஆனா அந்தச் சங்கதி அவ மெயிலில் எங்கேயும் இல்லை. ரெஸ்யூமேயில் "இன்டர்ன்ஷிப் முடித்தேன்"னு ஒரு வரி, அவ்வளவுதான்.

உட்கார்ந்து ரெண்டு பேரும் போனிலேயே எழுதிப் பார்த்தோம். முதலில் அவ சொன்னது: "ஜவுளித் துறையில் மிகுந்த ஆர்வமும் கடின உழைப்பும் கொண்ட நான்". வேண்டாம்னுட்டேன். அவகூடப் படிச்ச அத்தனை பேரும் இதை எழுதலாம், பொய்யின்னும் யாரும் சொல்ல முடியாது, உண்மைன்னும் காட்ட முடியாது. அடுத்தது: "எடை குறைந்த துணியைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குப் பெரும் நஷ்டத்தைத் தவிர்த்தேன்". இது அதைவிட ஆபத்து. நஷ்டம் எவ்வளவுன்னு அவளுக்குத் தெரியாது, நிறுத்தினது சூப்பர்வைசர். நேர்காணலில் "எவ்வளவு நஷ்டம்?"னு ஒரு கேள்வி கேட்டா அதோட நின்னு போயிரும். மூணாவதா எல்லாத்தையும் திணிச்சு ஒண்ணு எழுதினா: கல்லூரி, மார்க், பயிற்சி, கம்ப்யூட்டர் கோர்ஸ், எல்லாம் ஒரே வாக்கியத்தில். நான் படிச்சு முடிக்கிறதுக்குள்ள அவளே சிரிச்சுட்டா.

கடைசியில் நின்னது இது, உனக்காகத் தமிழில் எழுதறேன்:

"180 ஜிஎஸ்எம் கேட்ட துணி 168-ல் வந்திருப்பதை, கட்டிங்குக்குப் போகும் முன்பே எடை போட்டுப் பார்த்துச் சூப்பர்வைசரிடம் சொன்னேன், என் பயிற்சியில் நான் கற்ற வேலை இது. துணி தெரிந்த மெர்ச்சண்டைசிங் உதவியாளர் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பணிக்கு என்னைப் பரிசீலிக்க வேண்டுகிறேன், ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன்."

பாரு, விண்ணப்பிக்கிறேன்ங்கற சேதி காணாமப் போகலை, மூணாவது வாக்கியத்துக்குப் போயிருக்குது, அங்கே அதுக்கு ஒரு காரணமும் கிடைச்சிருக்குது. அந்த 180-ம் 168-ம் சாம்பல் வரியிலேயே தெரியும். இந்தத் தொழிலில் இருக்கிறவன் அந்த ரெண்டு நம்பரையும் பார்த்துட்டுத் திறக்காம இருக்க மாட்டான். இங்கிலீஷில் போடும்போதும் "என் பயிற்சிக் காலத்தில்"னு ஆரம்பிச்சு நம்பரைப் பின்னாடி தள்ளிட வேண்டாம்னு சொல்லு. "மரியாதைக்குரிய" பட்டியலும் நீளமா வேண்டாம், அதுவும் அந்த இடத்தைத்தான் தின்னும். பேர் தெரிஞ்சா பேர், இல்லைன்னா "வணக்கம்" போதும்.

ஒண்ணு கண்டிப்பாச் சொல்லணும். துணி எந்தப் பிராசஸிங் யூனிட்டிலிருந்து வந்தது, எந்தப் பையர் ஆர்டர்ங்கறதை மெயிலில் எழுதக்கூடாது. பயிற்சி எடுத்த கம்பெனி பேர் ரெஸ்யூமேயில் இருக்கும், அது சரி. ஆனா அந்தக் கம்பெனிக்குத் துணி குடுத்தவன் பேரைச் சேர்த்தா, நாளைக்கு நம்ம வீட்டுச் சங்கதியும் இப்படித்தான் வெளியே போகும்னு படிக்கிறவன் நினைப்பான். நானா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். அந்த சூப்பர்வைசருக்கும் ஒரு போன் போட்டு, "இதை எழுதிக்கலாங்களா?"ன்னு கேட்கச் சொல்லு. நல்ல மனுசன்னு சொல்றா, ஒத்துக்குவார். அவர் சரின்னா அவர் பேரையே விசாரிக்கக் குடுக்கலாம், அது இன்னும் பலம்.

இது எல்லா விண்ணப்பத்துக்கும் பொருந்தாது. நீ சொன்னியே, அவ டிஎன்பிஎஸ்சிக்கும் போடப்போறான்னு, அங்கே படிவத்தில் கேட்டதை நிரப்பினாப் போதும், வரிக்கு வேலை இல்லை. விளம்பரத்தில் ஏதாவது குறியீட்டு எண் குடுத்து சப்ஜெக்டில் போடச் சொன்னா அதை அப்படியே போடணும், அதில் நம்ம புத்தியைக் காட்டக்கூடாது. அடுத்த கம்பெனிக்கு அனுப்பும்போது இதே வரியைத் தூக்கி ஒட்டவும் கூடாது. அங்கே ஏற்றுமதி டாக்குமெண்ட் வேலைக்கு ஆள் கேட்டிருந்தா 168 ஜிஎஸ்எம்மை வெச்சு அவன் என்ன பண்ணுவான்? அவ காலேஜ் ப்ராஜெக்டில் பேக்கிங் லிஸ்ட் போட்டுப் பழகினதாச் சொன்னா, அங்கே அதை முன்னாடி வைக்கட்டும்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டா அந்த முதல் வரியிலிருந்துதான் கேள்வி வரும். அதுக்கு அவ தயாரா இருக்கணும். எத்தனை இடத்தில் வெட்டினே, ஏன் கரைக்குப் பக்கத்தில் வெட்டலை, துணி பின்னாடி சுருங்காம இருக்கச் சூட்டில் அழுத்தி எடுக்கிற காம்பாக்டிங் முடிஞ்சு வந்த துணியைக் கொஞ்ச நேரம் ஆற விட்டு எடை போட்டியா, இல்லை சூட்டோடவா? இதெல்லாம் கேட்பாங்க. கடைசிக் கேள்விக்கு அவகிட்ட பதில் இல்லை, நேத்தே கேட்டுப் பார்த்துட்டேன். சூப்பர்வைசர்கிட்ட அதையும் சேர்த்துக் கேட்டுக்கட்டும். இல்லைன்னா புதன்கிழமை இங்கே வரச் சொல்லு, நம்ம செக்கிங் டேபிளில் நிக்க வெச்சு நானே காட்டறேன். நீயும் கூட வா, தங்கச்சியையும் கூட்டிட்டு வா, மத்தியானம் இங்கேயே சாப்பிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
உன் மச்சான்