காதால் படிப்பவருக்கு ஒரு பொங்கல் வாழ்த்து

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் பொங்கல் சிறப்பிதழில் வாசகர்கள் உறவினருக்கும் நண்பருக்கும் அனுப்பிக்கொள்ள வாழ்த்து வாசகங்களும் வாழ்த்துப் படங்களும் கொடுத்திருந்தீர்கள். அவற்றில் சிலவற்றை, பார்வையற்ற என் கல்லூரி நண்பரோடு உட்கார்ந்து அவர் கைபேசியிலேயே கேட்டுப் பார்த்தேன். அதன் பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதத் தோன்றியது.

அவர் கைபேசியில் டாக்பேக் வைத்திருக்கிறார், அலுவலகக் கணினியில் என்விடிஏ. இரண்டுமே திரையில் இருப்பதைக் குரலாக்கிச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர்கள். நாம் ஒரு வாழ்த்தைப் பார்த்தால், பூ, கோலம், எழுத்து எல்லாம் ஒரே நொடியில் கண்ணில் விழும். தேவையில்லாததைக் கண் தானாகவே தள்ளிவிடும். ஸ்கிரீன் ரீடருக்கு அது முடியாது. முதலில் இருப்பதை முதலில் சொல்லும், அடுத்து இருப்பதை அடுத்துச் சொல்லும். பொங்கல் அன்று காலையில் வரிசையாகச் செய்திகள் வந்து விழும்போது, முதல் இரண்டு மூன்று நொடிக்குள் விஷயம் வரவில்லை என்றால் என் நண்பர் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் அன்பான வரி அவர் காதை எட்டாமலே போய்விடுகிறது.

வருஷா வருஷம் சுற்றிவரும் ஒரு மாதிரி இது:

```
🌾🌾🌾🎋🎋🎋
═════════════
𝐇𝐚𝐩𝐩𝐲 𝐏𝐨𝐧𝐠𝐚𝐥
═════════════
பொ ங் க லோ  பொ ங் க ல் !!!
சகல செளபாக்கியங்களும் பெற்று வாழ்க
🙏🏽🙏🏽🙏🏽
```

பார்வைக்குக் குறை ஒன்றும் தெரியாது. கேட்டால் கதை வேறு. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துப் பட்டியலான யூனிகோடில் ஒவ்வொரு எமோஜிக்கும் ஒரு பெயர் இருக்கிறது, ஸ்கிரீன் ரீடர் அந்தப் பெயரைத்தான் சொல்லும். நெற்கதிர் சரி. ஆனால் நாம் கரும்பு என்று நினைத்துப் போடும் அந்த இரண்டாவது எமோஜி கரும்பே இல்லை. அது தனபாட்டா மரம். ஜப்பானியர்கள் ஜூலையில் கொண்டாடும் தனபாட்டா விழாவில் வேண்டுதல்களைச் சீட்டில் எழுதிக் கட்டித் தொங்கவிடும் மூங்கில் அது. சிலர் கரும்புக்குப் பதில் வைக்கும் இன்னொரு பச்சை எமோஜி, ஜப்பானியப் புத்தாண்டுக்கு வாசலில் வைக்கும் பைன் அலங்காரம். பார்ப்பவருக்கு உருவம் கரும்பைப் போல இருந்தால் போதும். கேட்பவருக்கோ பொங்கல் காலையில் ஜப்பானிய மரம் மூன்று முறை ஒலிக்கிறது. கடைசியில் இருக்கும் கும்பிடும் கைகளுக்குத் தோல்நிறம் வேறு தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதனால் பெயரோடு நிறத்தையும் சேர்த்துச் சொல்கிறது.

கோடுகள் அடுத்த தொல்லை. அவரவர் செட்டிங்கைப் பொறுத்து அந்த அடையாளத்தின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம், சத்தமில்லாமல் கடந்தும் போகலாம். அப்புறம் அந்தத் தடித்த ஆங்கில எழுத்து. அது சாதாரண எழுத்தைத் தடிமனாக்கியது அல்ல. கணிதச் சமன்பாடுகளுக்காக யூனிகோடில் தனியாக வைத்திருக்கும் குறியீடுகளை எடுத்துக் கோத்தது. 'ஃபேன்ஸி ஃபான்ட்' என்ற பெயரில் சில செயலிகள் இதைத்தான் செய்து தருகின்றன. பல ஸ்கிரீன் ரீடர்கள் இதை எழுத்தெழுத்தாக 'கணிதத் தடித்த பெரிய எச்' என்ற மாதிரி படிக்கும், அல்லது அந்த வரியையே விழுங்கிவிடும். என்விடிஏயின் புதிய பதிப்புகளில் இதைச் சாதாரண எழுத்தாக மாற்றிப் படிக்க ஒரு வசதி உண்டு. ஆனால் நாம் அனுப்பும் நபர் அதை இயக்கி வைத்திருக்கிறாரா என்று நமக்குத் தெரியாது.

இடைவெளி விட்ட 'பொ ங் க லோ'வும் அப்படித்தான். ஒவ்வொரு எழுத்தும் தனிச் சொல் ஆகிவிடுவதால், பானை பொங்கும்போது எழும் அந்த உற்சாகக் கூவல் பாலர் வகுப்புப் பாடமாக ஒலிக்கிறது. ஒட்டி எழுதி, ஒரே ஒரு ஆச்சரியக்குறி போட்டால் குரல் தானே ஏறி இறங்கும்.

இத்தனையையும் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்று அந்த 'சௌபாக்கியம்' என்ற சொல்லில் இருக்கிறது. நம்மில் பலர் 'சௌ' என்பதை, 'செ' எழுதி அதன் பக்கத்தில் 'ள' என்ற தனி எழுத்தைத் தட்டிச் செய்துவிடுகிறோம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். குரலோ 'செளபாக்கியம்' என்று 'ள'வை அழுத்தி உச்சரிக்கும். 'பௌர்ணமி', 'ஔவை' எல்லாவற்றிலும் இதே சிக்கல். அதேபோல் 'எல்லோரும்' என்பதில் 'எ'வுக்குப் பதிலாகத் தமிழ் எண் ஏழைப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்போது அந்த இடத்தில் எண்ணாகப் படிக்கலாம், அல்லது சொல் உடைந்து போகலாம். காலுக்குப் பதில் 'ர' போட்டால், 'பானை' என்று நாம் பார்ப்பது அவருக்கு 'பரனை' ஆகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்றை நண்பர் காட்டினார். கர்சரை 'சௌ'வுக்குப் பின்னால் வைத்து ஒரே ஒரு முறை அழிக்கும் பொத்தானைத் தட்ட வேண்டும். சரியாக எழுதியிருந்தால் பெரும்பாலும் 'ச' மட்டும் மிஞ்சும், சில கருவிகளில் எழுத்து முழுவதுமே போய்விடும். 'செ' மிஞ்சினால் தவறான 'ள' உள்ளே இருந்திருக்கிறது. சரிசெய்ய, 'ச'வுக்குப் பிறகு விசைப்பலகையில் இருக்கும் 'ஔ' குறியைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கருவியில் தமிழ்க்குரலும் ஆங்கிலக்குரலும் இருக்கின்றன. எந்த எழுத்து வருகிறதோ அதற்கேற்ற குரலில் படிக்க அமைத்திருக்கிறார். 'நல்வாழ்த்துகள்' என்பதை ஆங்கில எழுத்தில் அனுப்பினால், 'ழ' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலக்குரல் எதையோ சொல்லிவிட்டுப் போகிறது. சொல்லை அவரே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வாழ்த்துப் படங்கள் இன்னும் மோசம். 'புகைப்படம்' என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்துச் சொல்லும் செயலிகள் உண்டு, ஆனால் கோலத்தின் மேல் வளைந்து நெளிந்து ஓடும் தமிழ் எழுத்தில்தான் அவை தடுமாறுகின்றன. அதற்காகப் படமே அனுப்பக் கூடாது என்பதில்லை. படத்தோடு தலைப்பு எழுதும் இடத்தில், என்ன இருக்கிறது என்று ஒரு வரி, அதில் உள்ள வாசகம் அப்படியே ஒரு வரி எழுதினால் போதும். 'அழகான பொங்கல் படம்' என்று எழுதுவதில் பயனில்லை. 'முற்றத்தில் மஞ்சள் கொத்து கட்டிய மண்பானை பொங்கி வழிகிறது, இரண்டு பக்கமும் கரும்பு' என்றால் அவருக்குப் படம் கிடைத்துவிடும். நிறங்களைச் சொல்லத் தயங்க வேண்டாம். என் நண்பர் பன்னிரண்டு வயது வரை பார்த்தவர், மஞ்சளும் செம்மண்ணும் அவருக்கு நினைவில் இருக்கின்றன. பிறவியிலேயே பார்வையில்லாதவர்களும் பேச்சிலும் படிப்பிலும் நிறங்களோடு பழகியவர்கள்தாம்.

நாங்கள் இருவரும் சேர்ந்து அந்தப் பழைய வாழ்த்தை இப்படி மாற்றினோம்:

```
அன்பு நண்பா, உனக்கும் வீட்டில் எல்லோருக்கும் பொங்கல்
வாழ்த்துகள். அம்மா வைத்த பானை கிழக்குப் பக்கமாகப்
பொங்கி வழிந்தது. வீடு முழுக்க ஏலக்காய், நெய் வாசனை.
தங்கச்சி குலவை போட்டதில் பக்கத்து வீட்டு நாய்
குரைத்து ஓய்ந்தபாடில்லை. சனிக்கிழமை மாலை 5 மணிக்கு
வந்துவிடு, சர்க்கரைப் பொங்கல் எடுத்து வைத்திருப்போம். 🌾
```

விளிப்பும் வாழ்த்தும் முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகின்றன. ஒவ்வொரு வாக்கியமும் முடியும் இடத்தில் முற்றுப்புள்ளி இருக்கிறது. இதை நான் முக்கியமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கவிதை மாதிரி மடக்கி எழுதும் வாழ்த்துகளில் யாரும் புள்ளி வைப்பதில்லை. குரல் மூச்சு விடுவது அந்தப் புள்ளியில்தான், இல்லாவிட்டால் இரண்டு வரியும் ஒன்றாக ஓடிவிடலாம். தேதியைப் புள்ளியும் எண்ணுமாக எழுதாமல் கிழமையாக எழுதியதும் அதனால்தான். நெற்கதிர் ஒன்றே ஒன்று, அதுவும் எல்லாம் சொல்லி முடித்த பிறகு. சொற்களுக்கு நடுவே எமோஜி செருகினால் 'பொங்கல், நெற்கதிர், வாழ்த்துகள்' என்று வாக்கியம் அறுந்துவிடும். எமோஜியே வேண்டாம் என்று நண்பர் சொல்லவில்லை. அவருக்கு அது பிடிக்கும், கடைசியில் ஒன்று வந்தால் போதும் என்கிறார்.

குரல் பதிவாகவே அனுப்பிவிடலாமே என்று தோன்றலாம். அதுவும் அவருக்குப் பிடிக்கும். ஆனால் எழுத்தாக இருந்தால் தனக்குப் பழகிய வேகத்தில் கேட்கலாம், ஒரு சொல் புரியாவிட்டால் எழுத்துக்கூட்டிப் பார்க்கலாம், பிரெய்ல் திரை வைத்திருப்பவர் விரலால் படிக்கலாம். இரண்டையும் அனுப்பினால் இன்னும் நல்லது.

அனுப்பும் முன் நாமே ஒரு முறை கேட்டுவிடலாம். டாக்பேக்கை இயக்கினால், ஒரு தட்டுக்குப் படிக்கும், இரண்டு தட்டினால்தான் திறக்கும் என்று எல்லாம் மாறிவிடும். பழகாதவர்கள் திணறிப்போவார்கள். ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் 'பேசத் தேர்ந்தெடு' என்று ஒரு வசதி இருக்கிறது, ஐபோனில் 'தேர்ந்தெடுத்ததைப் பேசு'. அவற்றில் குறிப்பிட்ட செய்தியை மட்டும் படிக்கவைத்துக் கேட்கலாம். அவர் கருவியும் நம் கருவியும் எல்லாவற்றையும் ஒரே மாதிரி படித்துவிடாதுதான். ஆனாலும் உடைந்த சொல்லும் தவறான 'ள'வும் நம் காதிலேயே மாட்டிக்கொள்ளும்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இதுதான். தங்கள் இணையப் பதிப்பில் வாழ்த்துப் படங்கள் வெளியிடும்போது, ஒவ்வொரு படத்திலும் அதைச் சொல்லால் விவரிக்கும் மாற்று உரை சேர்க்கச் சொல்லுங்கள். கூடுதல் செலவில்லை, இவ்வளவுதான்:

```
<img src="pongal.jpg" alt="பொங்கி வழியும் மண்பானை, இருபுறமும் கரும்பு. வாசகம்: பொங்கலோ பொங்கல்!">
```

படத்துக்குக் கீழே அதே வாசகத்தை நகலெடுக்கக்கூடிய யூனிகோடு எழுத்தில் தனியாகவும் கொடுங்கள். பக்கத்துக்கு அழகு சேர்க்க மட்டும் வைக்கும் பூக்கோடு போன்ற படங்களுக்கு `alt=""` என்று காலியாக விட்டால் ஸ்கிரீன் ரீடர் அவற்றைத் தாண்டிப் போகும். அடுத்த சிறப்பிதழ் தமிழ்ப் புத்தாண்டுக்கு வருகிறது. அதற்கான வாழ்த்துகளை வெளியிடும் முன் படித்துக் கேட்டுச் சொல்ல என் நண்பர் தயாராக இருக்கிறார். அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதினால், அவரைத் தொடர்புபடுத்தி வைக்கிறேன்.

அன்புடன்,
தங்கள் வாசகர்,
திண்டுக்கல்