சாய்த்து எடுத்த படத்தில் நகர்ந்துபோன நடுப்புள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் வந்த மாதிரி வினாத்தாளில் ஆயத்தொலை வடிவியல் கணக்கு ஒன்று இருந்தது. கட்டம் போட்ட தாளில் A, B என்று இரண்டு புள்ளிகள், அவற்றைச் சேர்க்கும் ஒரு கோடு. நடுப்புள்ளி எது, தொலைவு எவ்வளவு, கோட்டின் சமன்பாடு என்ன என்று மூன்று கேள்விகள். (1, 5) என்றும் 10 அலகு என்றும் 3x − 4y + 17 = 0 என்றும் விடை போட்டிருந்தீர்கள். மூன்றும் சரி. கோளாறு படத்தில் இருக்கிறது.

யாரோ வினாத்தாளை மேசையில் வைத்து, நின்ற இடத்திலிருந்தே கைப்பேசியைச் சாய்த்துப் படம் எடுத்திருக்கிறார்கள். அதை அப்படியே அச்சில் ஏற்றிவிட்டீர்கள். என்னிடம் கணக்குக் கேட்க வரும் பிள்ளைகளில் ஒருவன் பத்திரிகையோடு வந்து, "சார், ஸ்கேல் வெச்சு அளந்தா பாதி வேற இடத்துல வருது. விடை தப்பா?" என்றான். அவன் அளந்ததிலும் பிழை இல்லை. இதே சந்தேகம் வேறு பல வீடுகளிலும் எழுந்திருக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அச்சான கட்டத்தை நானும் அளந்தேன். கீழ் விளிம்பு 12 செ.மீ., மேல் விளிம்பு 9 செ.மீ. இரண்டுமே 12 கட்டம்தான். கேமராவுக்கு அருகில் இருந்த கீழ்ப்பக்கம் பெரிதாகவும் தள்ளியிருந்த மேல்பக்கம் சிறிதாகவும் விழுந்திருக்கின்றன. மேல் வரிசைக் கட்டங்கள் அகலத்தில் மட்டுமின்றி உயரத்திலும் சுருங்கியிருக்கின்றன. A (−3, 2) கீழே இருக்கிறது, B (5, 8) மேலே இருக்கிறது. ஆகவே கோட்டின் கீழ்ப்பாதி படத்தில் நீளமாகவும் மேல்பாதி குட்டையாகவும் தெரியும். ஸ்கேல் காட்டும் நடு, கீழ்ப்பக்கமாக A-யை நோக்கி நகர்ந்துவிடும். இந்தப் படத்தின் சாய்வுக்குக் கணக்கிட்டால் அந்த இடம் ஏறத்தாழ (0.7, 4.8). பையன் புள்ளி வைத்திருந்ததும் அங்கேதான்.

தொலைவு இன்னும் மோசம். கீழ் வரிசையில் ஒரு கட்டம் 1 செ.மீ. இருப்பதால், கோட்டை அளந்தால் அலகு கிடைத்துவிடும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அளந்தால் 8 செ.மீ. சொச்சம்தான் வருகிறது, 10 வருவதில்லை.

சாய்ந்த படத்தில் எது கெடாமல் நிற்கும், எது கெடும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. தாள் மட்டமாகக் கிடந்தால், எந்தக் கோணத்தில் எடுத்தாலும் நேர்க்கோடு நேர்க்கோடாகவே விழும். அதனால் மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்ற கேள்விக்குப் படத்தில் ஸ்கேலை வைத்துப் பார்க்கலாம். நடுப்புள்ளி அவ்வளவு கெட்டியில்லை. படத்தை ஒரு பக்கம் மட்டும் சீராக இழுத்திருந்தால் அது தாங்கும், இதுபோல் மேலே குறுகிய படத்தில் தாங்காது. தொலைவும் செங்கோணமும் இரண்டிலுமே கெடும். செங்கோண முக்கோணம் என்று நிறுவச் சொல்லும் கணக்கின் படம், பார்வைக்குச் செங்கோணமாகவே இல்லை என்று பிள்ளைகள் குழம்புவதும் இதனால்தான்.

கட்டங்களை எண்ணினால் இந்தத் தொல்லை இல்லை. கட்டம் சுருங்கினாலும் எண்ணிக்கை மாறாது. A-யிலிருந்து வலப்பக்கம் 8 கட்டம், மேலே 6 கட்டம் போனால் B. பாதி என்றால் 4, 3. (−3 + 4, 2 + 3) = (1, 5). தொலைவு, 64-உம் 36-உம் கூட்டி வரும் 100-இன் வர்க்கமூலம், அதாவது 10. ஆனால் சாய்கோட்டின் மேலேயே எண்ணக் கூடாது. இந்தக் கோடு கடந்து போகும் கட்டங்களை எண்ணினால் 12 வரும், அது தொலைவு ஆகாது. புதுச்சேரியில் நேரு வீதி, மிஷன் வீதி என்று குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறவர் 8-உம் 6-உம் சேர்த்து 14 நடப்பார். காக்கைக்குத்தான் 10.

எண்ணாமலே நடுப்புள்ளியைக் காண ஒரு வழி உண்டு. A-யையும் B-யையும் எதிர்மூலைகளாக வைத்துக் கட்டக்கோடுகளின் மேலேயே ஒரு செவ்வகம் வரையுங்கள். மற்ற இரண்டு மூலைகள் (−3, 8), (5, 2). அவற்றைச் சேர்க்கும் மூலைவிட்டம் AB-யை வெட்டும் இடமே நடுப்புள்ளி. இதில் அளவே இல்லை, நேர்க்கோடுகள் மட்டும்தான். அதனால் படம் எவ்வளவு சாய்ந்திருந்தாலும் வெட்டும் இடம் சரியாக (1, 5)-இல் விழும். அந்தப் பையனின் பத்திரிகையிலேயே வரைந்து காட்டினேன். அவன் ஸ்கேலால் வைத்த புள்ளிக்குச் சற்று மேலே, வலப்பக்கமாக, கட்டக்கோடுகள் இரண்டும் சந்திக்கும் முனையில் கச்சிதமாக வந்து நின்றது.

படத்தில் இன்னொரு குறையும் உண்டு. பக்கத்தில் இடத்தை மிச்சப்படுத்தவோ என்னவோ, x அச்சின் கீழே இருந்த எண்களை வெட்டிவிட்டீர்கள். y அச்சின் தடித்த கோடும் மங்கி, மற்றக் கோடுகளோடு கலந்துவிட்டது. எனவே இடது கீழ்மூலையையே ஆதிப்புள்ளி என்று எடுத்தவர்கள் உண்டு. அவர்களுக்கு A (1, 2), B (9, 8). தொலைவு அப்போதும் 10, கோட்டின் சாய்வு அப்போதும் 3/4, ஏனென்றால் இரண்டுமே வித்தியாசங்களிலிருந்து வருபவை. நடுப்புள்ளியோ (5, 5) ஆகிவிடும். சமன்பாடு 3x − 4y + 5 = 0 ஆகும். மாறிலி மட்டும் மாறியிருப்பதே ஆதிப்புள்ளி நகர்ந்ததற்கு அடையாளம். விடையோடு ஒப்பிடும்போது தொலைவு சரி, நடுப்புள்ளி மட்டும் தவறு என்று வந்தால், சூத்திரத்தைச் சந்தேகப்படாமல் ஆதிப்புள்ளியைத் தேடச் சொல்லுங்கள். இங்கே அது மூலையிலிருந்து 4 கட்டம் வலப்பக்கம் இருக்கிறது. எண்கள் இல்லாதபோது ஒரு கட்டம் ஓர் அலகா, இரண்டு அலகா என்பதும் தெரியாது. இரண்டு என்றால் தொலைவு 20. அதைப் படத்தை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது.

ஸ்கேன் செய்யும் செயலிகள் நான்கு மூலைகளையும் இழுத்து நிமிர்த்திக் கொடுக்கின்றன. அது பெரிய உதவிதான். ஆனால் தாளின் நீள அகல விகிதத்தைச் செயலி தவறாக ஊகித்தால் கட்டம் சதுரமாக இல்லாமல் நீள்செவ்வகமாக வரும். அப்போது ஸ்கேலில் நடுப்புள்ளி சரியாக இருக்கும், தொலைவு சரியாக இருக்காது. நடுவில் மடிப்பு விழுந்த தாள் என்றால் கோடே முறிந்து தெரியும், அங்கே செயலியாலும் ஒன்றும் ஆகாது.

அடுத்த வினாத்தாளை வெளியிடும்போது தாளுக்கு நேர் மேலிருந்து எடுத்த படத்தைப் போடுங்கள். முடியாவிட்டால் படத்தின் அடியில் புள்ளிகளின் ஆயத்தொலைவுகளையும் "1 கட்டம் = 1 அலகு" என்ற அளவுத்திட்டத்தையும் ஒரு வரியில் அச்சிடுங்கள். சென்ற வாரப் படத்துக்கும் அந்த ஒரு வரியைத் திருத்தமாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.