மேலும் எல்லாத்தையும் எடுத்துட்டு படிச்சு பாரு

அன்புள்ள சுமதிக்கு,

நல்லா இருக்கியா, பாப்பாவுக்கு காலேஜ் தொறந்தாச்சா? இங்க வெயில் இன்னும் அடங்கல, சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் கோட்டை பக்கம் நடக்கவே முடியுது. அம்மா முட்டி வலி பரவால்ல, நீ வந்தா முள்ளு கத்திரிக்கா குழம்பு வெச்சு தரேன்னு சொல்லிகினே இருக்காங்க.

நீ அனுப்பின 1806 வேலூர் சிப்பாய் கலகத்த பத்தின கட்டுரை படிச்சேன்டி. விஷயம் அருமையா சேர்த்திருக்க. "மேலும், அதுமட்டுமின்றி மாதிரி இணைப்பு வார்த்தை எல்லாத்தையும் எடுக்க சொல்றாங்க, எடுத்தா துண்டு துண்டா நிக்குது"ன்னு கேட்டிருந்தியே, அதுக்குதான் இவ்ளோ பெரிய லெட்டர். உன் ரெண்டாவது பாராவையே எடுத்துக்கலாம், இப்படி இருக்கு:

"1805 நவம்பரில் சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை விதி வந்தது. மேலும், நெற்றியில் சமயக் குறி இடவும் தாடி வைக்கவும் தடை விதிக்கப்பட்டது. மேலும், திப்புவின் மகன்கள் வேலூர் கோட்டையில் வைக்கப்பட்டிருந்தனர். அதுமட்டுமின்றி, 1806 ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் ஆங்கிலேயரைத் தாக்கினர். இருப்பினும், ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி வந்தார். எனவே, கலகம் அன்றே ஒடுக்கப்பட்டது."

மொதல்ல எல்லா இணைப்பு வார்த்தையையும் பென்சில்ல அடிச்சுட்டு, பக்கத்து பக்கத்து வாக்கியத்த இடம் மாத்தி படி. மாத்தினாலும் ஒண்ணும் கெடலன்னா அது வெறும் பட்டியல், ஒரே வாக்கியமா சேர்த்துடலாம். தலைப்பாகையும் நெற்றிக்குறியும் அப்படித்தான், ரெண்டும் ஒரே உத்தரவோட சமாச்சாரம், "புதிய தலைப்பாகை கட்டாயமானது, நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் தடை வந்தது"ன்னு எழுதினா அந்த "உம்" போதும், மேலும் எதுக்கு.

ரெண்டாவது மேலும்தான் ஆபத்து. திப்பு மகன்கள் கோட்டையில இருந்தது உத்தரவு கிடையாதே, ஆனா படிக்கிறவங்க அதையும் சிப்பாய்களோட இன்னொரு குறைன்னு எண்ணிகினு போவாங்க. இங்க வார்த்தைய எடுத்தா மட்டும் பத்தாது, அது எதுக்கு இங்க வருதுன்னு நீயே சொல்லியாகணும். அவங்கதான் தூண்டிவிட்டாங்கன்னு சொல்ல வர்றியா? அப்ப அதுக்கு ஆதாரம் வேணும், வரலாறு எழுதினவங்களுக்குள்ளயே அதுல ஒத்த கருத்து இல்ல. இல்ல, கலகத்துக்கு ஒரு முகம் கெடச்சுதுன்னு மட்டும் சொல்றியா? அப்ப அந்த வாக்கியத்த தாக்குதலுக்கு பின்னாடி நகர்த்து, கோட்டைய பிடிச்சதும் மைசூர் கொடிய ஏத்தினாங்க இல்ல, அதோட ஒட்டி வை. மேலும்னு போட்டதால நீ எத சொல்றன்னு முடிவு பண்ணாமயே தாண்டி போயிட்ட, அதான் என் வருத்தம்.

அதுமட்டுமின்றிக்கு வேலையே இல்ல, தேதியே காலத்த சொல்லிடுது. இருப்பினும் வேற, அது நெஜமாவே எதிர்திசை, அத சும்மா எடுத்தா கோட்டை சிப்பாய்ங்க கையில இருந்தப்போ ஆங்கிலேய படை அதிகாரி கில்லெஸ்பி யாருக்கு ஒத்தாசையா வந்தார்னே புரியாது. சின்னதா ஒரு "ஆனால்" இருக்கட்டும். இருக்க வேண்டிய இடத்துல இருக்கறத யாரும் குறை சொல்ல மாட்டாங்க.

கடைசி எனவே ஒரு ஓட்டைய மூடிகினு இருக்கு. ஆள் வந்தா கலகம் அடங்கிடுமா? நடுவுல ஒரு படி காணோம், பீரங்கியால வாசல உடைச்சு குதிரைப்படை உள்ள புகுந்தது. அத எழுதிட்டா எனவே தானா உதிர்ந்துடும். நான் மாத்தி எழுதினது இது:

"1805 நவம்பரில் வந்த விதிகளால் சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை கட்டாயமானது, நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் தடை வந்தது. அந்தக் கோபம் 1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டைக்குள் வெடித்தது. கோட்டையைப் பிடித்த சிப்பாய்கள், திப்புவின் மகன்கள் வைக்கப்பட்டிருந்த அதே இடத்தில் மைசூர்க் கொடியை ஏற்றினர். ஆனால் செய்தி ஆற்காட்டுக்குப் போய்விட்டது. அங்கிருந்து குதிரைப்படையோடு வந்த கில்லெஸ்பி, பீரங்கியால் வாசலை உடைத்து உள்ளே புகுந்து, அன்றே கலகத்தை ஒடுக்கினார்."

பாரு, ஒவ்வொரு வாக்கியமும் முன்னாடி சொன்ன எதையாவது பிடிச்சுகினுதான் ஆரம்பிக்குது, "அந்தக் கோபம்", "கோட்டையைப் பிடித்த", "அங்கிருந்து"னு. அப்புறம் "இது"ன்னு மொட்டையா ஆரம்பிக்காத, உன் மூணாவது பாராவுல "இது ஆங்கிலேயரை அதிர வைத்தது"ன்னு இருக்கு, எது, கொடியா தாக்குதலா? பேர சொல்லிடு.

எல்லா பாராவையும் இப்படி மாத்த வேணாம், நாலாவது பாரா, கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் 1807ல திருப்பி கூப்பிட்டுகினத சொல்றது, அப்படியே நல்லா இருக்கு, தொடாத. மீதிய முடிச்சு ஞாயித்துக்கெழமைக்குள்ள அனுப்பு, நான் பாத்துட்டு போன் பண்றேன். பாப்பாவ கேட்டதா சொல்லு.

அன்புடன்,
மாலதி