'தகவல் சேகரிக்கப்படுகிறது' என்றால் விட்டுவிடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பாலாற்றில் தோல் கழிவு கலப்பது பற்றி நம் எம்.பி. மக்களவையில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு அதிகபட்சம் 20 நட்சத்திரக் கேள்விகளுக்குத்தான் வாய்மொழிப் பதில், துணைக்கேள்வி எல்லாம். மற்றவற்றுக்கு எழுத்துப் பதில்தான். அதில் 'தகவல் சேகரிக்கப்படுகிறது', 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்ததும் பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். அது தவறு. அந்தச் சொற்கள் உறுதிமொழியாகவே கொள்ளப்படும். 3 மாதத்துக்குள் அமைச்சகம் அதை நிறைவேற்றி அவையில் அறிக்கை வைக்க வேண்டும். தாமதமானால் அரசு உறுதிமொழிக் குழு அதிகாரிகளை அழைத்து விசாரிக்கலாம். அமைச்சகமோ கால நீட்டிப்பு கேட்கும், சில சமயம் உறுதிமொழியையே கைவிடும்படி கோரும். அங்கேதான் கேள்விகள் செத்துப்போகின்றன. கேள்வி எண்ணையும் தேதியையும் குறித்துவைத்து, 3 மாதம் கழிந்ததும் எம்.பி. அலுவலகத்தில் கேளுங்கள்.

- ஒரு வாசகர், காட்பாடி, வேலூர்