ஒரு 'வந்து'வுக்காக

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேட்டிகளை மொழிபெயர்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'வந்து', 'இல்ல' போன்ற அசைகளை முதலிலேயே களைந்துவிட்டால் வேலை சுலபம் என்று ஒரு வரி. களைவதற்குப் பேச்சு என்ன தோட்டமா?

தமிழ்ப் பேச்சை ஆங்கிலத்தில் எழுதித் தருவது பல வருடங்களாக என் பிழைப்பு. ஒருமுறை, வேறொருவர் கேட்டு எழுதிய பிரதி மட்டும் எனக்கு வந்தது. "அவர் கையெழுத்துப் போட்டார்" என்று இருந்ததை அப்படியே மொழிபெயர்த்தேன். பேசியவர் படித்துவிட்டு, "அவர் நேரில் வந்ததைச் சொன்னேனே, அது எங்கே?" என்றார். ஒலிப்பதிவை வாங்கிக் கேட்டால், "அவரு வந்து கையெழுத்துப் போட்டாரு" என்று தெளிவாக இருக்கிறது. எழுதியவர் 'வந்து'வை அசை என்று தூக்கிவிட்டார். திட்டு வாங்கியது நான்.

அசையாக வரும் 'வந்து' பெரும்பாலும் இழுபடும், பின்னால் சிறு நிறுத்தம் இருக்கும். இந்த 'வந்து' நிற்காமல் ஓடியது. தாளில் இரண்டும் ஒன்றுதான், காதுக்குத்தான் வித்தியாசம் தெரியும். காதுக்கும் பிடிபடாவிட்டால் பேசியவரையே கேட்க வேண்டும். அதனால் முதல் பிரதியில் எல்லாமே இருக்கட்டும். மொழிபெயர்ப்பவர் ஒலிப்பதிவைக் கேட்டபடி தானே வெட்டட்டும்.

'இல்ல'வும் இப்படித்தான். "செவ்வாய்க்கிழமை போனேன், இல்ல, புதன்கிழமை." இதில் 'இல்ல'வை மட்டும் எடுத்தால் மனிதர் இரண்டு நாள் போனவர் ஆகிவிடுவார். பத்திரிகைப் பேட்டி என்றால் "புதன்கிழமை போனேன்" போதும், செவ்வாயும் சேர்ந்தே போகட்டும். சாட்சி வாக்குமூலம் என்றால் தடுமாற்றமும் வாக்குமூலம்தான், அங்கே எதையும் தொடக்கூடாது. "போ... போனேன்" வெறும் திக்கல். "நடந்தேன், நடந்தேன், நடந்துக்கிட்டே இருந்தேன்" என்பது திக்கலா? அது தூரம். அதை ஒரே 'நடந்தேன்' ஆக்கினால், ஆங்கிலத்தில் படிப்பவருக்கு அவர் தெருமுனை வரை போய்வந்தது போல இருக்கும்.

இதையெல்லாம் தாங்கள் அறியாதவர் அல்ல. ஒரு மணி நேரப் பதிவை ஒழுங்காகக் கேட்டு எழுத எனக்கு ஐந்து மணி நேரமாவது ஆகிறது. கூலியோ பதிவின் நிமிடக் கணக்கில். ஒலிப்பதிவை அனுப்புங்கள் என்றால், "டைப் பண்ணினதுதான் இருக்கே, எதுக்கு?" என்று பதில். பேட்டி அச்சில் வரும்போது எழுதியவர் பெயரும் இருக்காது, மொழிபெயர்த்தவர் பெயரும் இருக்காது. தப்பு வந்தால் மட்டும் இருவரையும் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள்!

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இனி வெளியிடும் மொழிபெயர்ப்புப் பேட்டிகளின் அடியில், "பேச்சு வாசிப்புக்காகச் செப்பனிடப்பட்டது" என்று சின்ன எழுத்தில் ஒரு வரி போடுங்கள். இடம் இருந்தால் செப்பனிட்டவர் பெயரும்.

தங்கள் நெடுநாள் வாசகி