ரெப்போ வட்டியும் பத்துப் பவுன் நகையும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து கொஞ்ச நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம், ஜாதகம்தான் இன்னும் எதுவும் அமையவில்லை.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற ரெப்போ வட்டி, 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்தது 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆகி, உன் வீட்டுக்கடன் உன்னைப் பிழிந்தெடுத்தது. அதே நேரத்தில் ஊருக்கு வந்தால் மண்டபங்களிலும் நகைக்கடைகளிலும் கூட்டம் குறையவே இல்லை, இவர்களுக்கெல்லாம் வட்டி ஏறியதே தெரியாதா என்று எழுதியிருந்தாய். நகைக்கடன் கவுண்டரிலேயே பாதி வாழ்க்கையை ஓட்டியவன் சொல்கிறேன்: தெரியும், ஆனால் அவர்கள் சொத்தில் வட்டி தொடுகிற பகுதி ரொம்பச் சின்னது.

எங்கள் கிளைக்கு வழக்கமாக வரும் குடும்பம் மாதிரி ஒன்றை எடுத்துக்கொள். நாலு ஏக்கர் நிலம், சொந்த வீடு, பத்துப் பவுன் நகை, வங்கியில் 60 ஆயிரம் டெபாசிட். வட்டி ஏறினால் மக்கள் செலவைத் தள்ளிப்போட்டுச் சேமிப்பார்கள் என்பது கணக்கு. டெபாசிட் வட்டி ஒன்றரை சதவீதம் ஏறியது என்று வைத்தாலும் இவர்களுக்கு வருஷத்துக்கு 900 ரூபாய்தான் கூடுதல். அதற்காக யார் காதுகுத்தைத் தள்ளிப்போடுவார்கள்? நிலத்துக்கும் வீட்டுக்கும் வட்டி கிடையாது, விலையையும் யாரும் தினம் பார்ப்பதில்லை. இது ஏதோ ஒரு குடும்பத்துக் கதை இல்லை. 2017-ல் ரிசர்வ் வங்கியின் குடும்ப நிதிக் குழு கொடுத்த அறிக்கையில், சராசரி இந்தியக் குடும்பத்தின் சொத்தில் 77 சதவீதம் நிலமும் வீடும், 11 சதவீதம் தங்கம், டெபாசிட், காப்பீடு, பங்கு எல்லாம் சேர்த்தே 5 சதவீதம் என்று இருந்தது. தங்கத்தின் பங்கு நம் தமிழ்நாட்டில் இன்னும் அதிகம், அதை நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இதில் நிலம் சும்மா கிடக்கிறது. தங்கம் அப்படி இல்லை, எதிர்த்திசையில் வேலை செய்கிறது, எனக்குச் சுவாரசியமாகப் படுவது அதுதான்.

அந்தப் பத்துப் பவுனைக் கவுண்டரில் வைக்கிறார்கள். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசிப் பார்த்து, கல்லுக்கும் அரக்குக்கும் கழித்து, 80 கிராமில் நிகர எடை 76 கிராம் என்று எழுதுகிறார். 2022 மே மாதம் ஆபரணத் தங்கம் கிராம் சுமார் 4,800 ரூபாய். அப்போது மதிப்பில் 75 சதவீதம்தான் கடனுக்கு உச்சவரம்பு, அதனால் கிராமுக்கு 3,600, மொத்தம் ஏறக்குறைய 2 லட்சத்து 73 ஆயிரம் கடன் கிடைக்கும். ஒன்பது மாதம் கழித்து, ரெப்போ இரண்டரை சதவீதம் ஏறி முடிந்த நிலையில், கிராம் 5,300-ஐ ஒட்டி வந்துவிட்டது. அதே நகைக்கு இப்போது 3 லட்சத்து 2 ஆயிரம். அதாவது செலவைக் குறைக்கத்தான் வட்டியை ஏற்றினார்கள், அந்தக் காலத்திலேயே இந்த வீட்டின் கடன் வாங்கும் சக்தி கிட்டத்தட்ட 29 ஆயிரம் கூடியிருக்கிறது! தங்கத்தின் விலை மும்பையில் இருக்கிற ரிசர்வ் வங்கியில் முடிவாவதில்லை. உலக விலை, டாலருக்கு எதிரான ரூபாய், இறக்குமதி வரி இவைதான் அதை ஆட்டுகின்றன. அந்த 2022 ஜூலையில் மத்திய அரசு வரியை ஏற்றியதும் ரூபாய் சரிந்ததும், ஏற்கெனவே வீட்டில் நகை வைத்திருந்தவர்களுக்குச் சாதகமாகவே முடிந்தது.

சரி, கடனுக்கான வட்டி ஏறுமே என்பாய். ஏறும், ஆனால் மெதுவாக. நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருஷக் கடன், வைத்த அன்று என்ன வட்டியோ அதுதான் முடியும் வரை. 2 லட்சத்துக்கு ஒன்றரை சதவீதம் கூடினால் வருஷத்துக்கு 3,000 ரூபாய். 29 ஆயிரம் கூடுதலாகக் கையில் கிடைக்கும்போது அது உறைக்காது. விவசாயிகளுக்கான பயிர்க்கடனோ 3 லட்சம் வரை 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 என்று அரசு மானியத்தில் ஓடுகிறது, ரெப்போ எங்கே போனாலும் அது அசையாது. தெருமுனை அடகுக்கடையில் வட்டி முதலிலேயே அதிகம், அவர் ரிசர்வ் வங்கி ஆளுநரின் பேச்சைக் கேட்டு மாற்றுவதும் இல்லை. அப்புறம் வருஷக் கடைசியில் முக்கால்வாசிப் பேர் நகையை மீட்பதே இல்லை. வட்டியை மட்டும் கட்டி அன்றைய விலைக்கு மறுபடி வைத்து, கூடக் கிடைப்பதை வாங்கிக்கொண்டு போவார்கள். வட்டி கட்டுகிற பணமே சில சமயம் அந்தக் கூடுதலிலிருந்துதான் வரும்.

இப்போது உன் கதையைப் பார். உன் கடன் ரெப்போவோடு கட்டிய கடன். 30 லட்சம், 20 வருஷம், 6.7 சதவீதம் என்றால் தவணை சுமார் 22,700. வட்டி 9.2 ஆனால் 27,400. மாதம் 4,700 ரூபாய் உன் மளிகையிலும் துணிமணியிலும்தான் கைவைக்கும். தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டலாம் என்றாலும் அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது: 30 லட்சத்துக்கு 9.2 சதவீதத்தில் மாத வட்டி மட்டுமே 23,000, பழைய தவணை வட்டிக்கே போதாது, அசல் கரைவதற்குப் பதிலாக வளரும். இந்த வம்பு பல பேருக்கு நேர்ந்த பிறகுதான், தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்கச் சொல்லி 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். நகையும் நிலமுமாக இருக்கிற வீடுகள் அசையாததால், அதே அளவு செலவு குறைய வட்டியை இன்னும் கூடுதலாக, இன்னும் நீண்ட நாளுக்கு ஏற்றி வைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பாரம் உன்னைப் போன்ற வீட்டுக்கடன்காரர்கள் மேலும், வங்கிக் கடனில் ஓடும் சின்னப் பட்டறைகள் மேலும் விழுகிறது. குறைக்கும்போதும் இதே கதைதான். 2025-ல் பிப்ரவரி தொடங்கி வட்டியை இறக்கினார்கள், உனக்கு மூச்சு வந்தது. எங்கள் கவுண்டரிலோ அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அக்டோபரில் சவரன் 90 ஆயிரத்தைத் தாண்டியதைப் பற்றித்தான் பேச்சு.

ஆனால் இது எப்போதும் ஓடுகிற வண்டி இல்லை. 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் இரண்டே வர்த்தக நாளில் தங்கம் 13 சதவீதத்துக்கு மேல் சரிந்தது உனக்கு நினைவிருக்கும். நகையின் மதிப்பைவிட அசலும் வட்டியும் அதிகமாகிவிட்டால், வைத்தவர் மீட்க வரமாட்டார், ஏல நோட்டீஸ்தான் போகும். மறுபடி வைக்கும்போது கூடக் கிடைப்பதற்குப் பதில் கையிலிருந்து கட்ட வேண்டி வரும். அன்றைக்கு இந்த வீடுகளும் செலவைச் சட்டென்று நிறுத்தும், ரெப்போ அசையாமல் இருந்தாலும்கூட. 2026 ஏப்ரலிலிருந்து இரண்டரை லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு 85 சதவீதம் வரை தரலாம் என்ற விதி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காததற்கு அதுதான் காரணம். விலை ஏறும்போது எல்லோரும் கெட்டிக்காரர்கள்.

உன் வங்கியில் வட்டி குறைந்தபோது தவணையைக் குறைத்தார்களா, காலத்தைக் குறைத்தார்களா என்று பார்த்தாயா? முடிந்தால் பழைய தவணையையே கட்டு, காலம் குறையட்டும். அப்புறம், பொங்கலுக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லு, மாடி அறையை ஒழித்து வைக்கச் சொல்கிறேன். தங்கச்சிக்கு என் விசாரிப்பு.

அன்புடன்,
ரவி